நூலகத்துக்கு முப்பத்தைந்து வழிகள்

அரை மார்க்கைக்கூட விடாமல் எண்ணிப் பார்க்கிற கணக்கு வாத்தியார் அவர்; பள்ளியில் அவருக்கு அரைமார்க் என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் பெற்றோர் சந்திப்புக்கு வரும் தாய்மார்கள்கூட, "அரைமார்க் சார் எந்த ரூம்ல இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவர் கோபப்பட்டதில்லை. பட்டப்பெயர் சரியாக இருந்தால் அவருக்கு ஆட்சேபம் கிடையாது.

வீட்டிலும் அப்படித்தான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனைவி துவைத்து மடித்து வைத்த சட்டையைப் பிரித்து, பொத்தான்களை எண்ணிவிட்டு மறுபடி மடிப்பார். "நான் மடிச்சது சரியில்லையா?" என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். "சரியாத்தான் இருக்கு. அதைத்தான் பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட மனிதர் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு என்றே பிறந்தவர் என்று தோன்றும். முகாம் அப்படி நினைக்கவில்லை. மற்ற கணக்கு ஆசிரியர்கள் மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு கட்டை முடித்துக் கட்டிவைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும்போது, இவருடைய கட்டு பாதிதான் இளைத்திருக்கும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தலைமைத் திருத்துநர் உண்டு. எல்லோரும் 'சீஃப்' என்பார்கள். அனுபவத்தைப் பார்த்தால் அந்த நாற்காலி இவருக்கு என்றைக்கோ வந்திருக்க வேண்டும். வந்தது இவருடைய மனைவியின் தம்பிக்கு. அக்காள் வீட்டில் தங்கி, இந்த மாமாவிடமே கணக்குப் படித்து வாத்தியாரானவன். மாமா உட்கார்ந்திருந்த மேசைக்கே அவனைச் சீஃபாகப் போட்டிருந்தார்கள்.

"மாமா, கொஞ்சம் வேகமா. என் மேசையாலதான் எல்லாரும் லேட்டுன்னு பேராயிடுச்சு."

"வேகமாத் திருத்தறதுக்கு ஆள் வேணும்னா அஞ்சல் ஆபீஸ்ல முத்திரை குத்துறவரைக் கூப்பிடு, மாப்ளே."

அந்த வருட வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்திருந்தது. ஓர் ஊரின் தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. கிழக்கே நான்கு கட்டம், வடக்கே மூன்று கட்டம். தென்மேற்கு மூலையில் வீடு, வடகிழக்கு மூலையில் நூலகம். வீட்டிலிருந்து நூலகத்துக்கு மிகக் குறைந்த தூரத்தில் போக எத்தனை வழிகள்?

குறைந்த தூரம் என்றால் திரும்பி வரக் கூடாது. மேற்கே ஓர் அடி வைத்தாலும் தெற்கே ஓர் அடி வைத்தாலும் தூரம் கூடிவிடும். ஆகவே எந்த வழியில் போனாலும் கிழக்கே நான்கு, வடக்கே மூன்று, மொத்தம் ஏழு கட்டம்தான். அந்த ஏழில் எந்த மூன்று வடக்கு என்று தேர்ந்தெடுப்பதுதான் கேள்வி. ஏழு பெருக்கல் ஆறு பெருக்கல் ஐந்து, அதை ஆறால் வகுத்தால் முப்பத்தைந்து. விடைக்குறிப்பில் இவ்வளவுதான் இருந்தது. கடைசியில் ஒரு வரி: பிற முறைகள் சரியாக இருப்பின் மதிப்பெண் வழங்கலாம்.

அந்தப் பிற முறைதான் தலைவலியாகிவிட்டது. சூத்திரம் மறந்துபோன பிள்ளைகள் வழிகளை ஒவ்வொன்றாக எழுதித் தள்ளியிருந்தார்கள். கிழக்குக்குக் 'கி', வடக்குக்கு 'வ'. கி கி வ கி வ கி வ, இப்படிப் பக்கம் பக்கமாக. "இதை எப்படிங்க திருத்துறது?" என்று எல்லா மேசைகளிலிருந்தும் முனகல். முகாம் அதிகாரி அம்மாள் என்ன செய்வதென்று கூடத்தின் நடுவில் நின்று கேட்டபோது, கையைத் தூக்கியவர் அரைமார்க் ஒருவர்தான்.

"முப்பத்தஞ்சு வழியையும் நானே எழுதித் தர்றேன் மேடம். அதை வெச்சு டிக் பண்ணிக்கிட்டே போனா முடிஞ்சுது."

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து எழுதினார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. முப்பத்தைந்தாவது வரியை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தார். அதிகாரி அம்மாள் நகலெடுத்து மேசைக்கு ஒன்றாகக் கொடுக்கச் சொன்னார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சிரத்தை வேற யாருக்கு இருக்கு? அடுத்த வருஷம் உங்களைத்தான் சீஃபாப் போடணும்னு எழுதப்போறேன் சார்" என்றார்.

அன்று சாயங்காலம் இவர் வீட்டுக்குள் நுழைந்த விதத்திலேயே மனைவி விஷயத்தைப் பிடித்துவிட்டாள். இரவு அவளுடைய அண்ணிக்கு, சித்திக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று செய்தி போய்விட்டது. "இன்னும் ஆர்டர் வரலையே" என்று இவர் சொன்னார். "அதெல்லாம் வரும். என் தம்பியை விட நீங்க என்ன குறைச்சல்?" என்றாள் தம்பியை வளர்த்த அக்காள். பல வருடமாக அவளுக்கும் அது உறுத்திக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் இவருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒரு தாள் வந்தது. சுமாரான தாள். பாதி கேள்விகளைத் தொடவேயில்லை. ஆனால் நூலகக் கேள்விக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம், முப்பத்தைந்து வரி, கீழே 35 என்று பெட்டி கட்டியிருந்தது. அரைமார்க் தன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு வழியாக எடுத்து, பிள்ளையின் பட்டியலில் தேடி டிக் போட்டுக்கொண்டே வந்தார். கடைசிக்குப் பக்கத்தில் ஒரு வழியைத் தேடினால் அது ஏற்கெனவே டிக் வாங்கியிருந்தது. பிள்ளையின் பக்கத்தில் ஒரு வரி டிக் இல்லாமல் அநாதையாக நின்றது. ஒன்றை விட்டுவிட்டு, எதையோ இரண்டு தடவை எழுதி எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கிறது பிள்ளை என்று புரிந்துகொண்டார். எதை இரண்டு தடவை எழுதியது என்று மட்டும் தேடவில்லை. விடைக்கு உரிய இரண்டு மதிப்பெண்ணை வெட்டினார். மொத்தம் கூட்டினால் முப்பத்துநான்கு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறும் தாள்களைச் சீஃப் இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை தாளை வாங்கினான். இவர் போட்ட டிக்குகளைப் பார்க்கும் பொறுமை அவனுக்கு ஏது? பேனா முனையால் வரிகளின் முதல் எழுத்தை மட்டும் தட்டிக்கொண்டே போனான்.

"கி-ல ஆரம்பிக்கிறது இருபது. வ-ல பதினஞ்சு. சரியா இருக்கே மாமா?"

"என்ன சரி?"

"முதல் கட்டம் கிழக்கே போனா மிச்சம் கிழக்கே மூணு, வடக்கே மூணு. அதுக்கு இருபது வழி. முதல்ல வடக்கே போனா மிச்சம் கிழக்கே நாலு, வடக்கே ரெண்டு. அதுக்குப் பதினஞ்சு. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?"

சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

"எண்ணிக்கை சரியா இருந்தும் ஒண்ணு திரும்ப வரலாம்" என்றார்.

"வரலாம். எங்க வந்திருக்கு, காட்டுங்க."

தேடினார். வரவில்லை. டிக் இல்லாமல் நின்ற வரியைப் பார்த்தார்: கி கி வ வ கி வ கி. கிழக்கு நான்கு, வடக்கு மூன்று. ஒரு குறையும் இல்லாத வழி. மாப்பிள்ளை அதற்குள் மாமாவின் தாளை இழுத்து அதிலும் முதல் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தான். கி-யில் தொடங்கியவை பத்தொன்பது. வ-வில் தொடங்கியவை பதினாறு. அவன் மறுபடி எண்ணினான். பிறகு எண்ணாமல் மாமாவைப் பார்த்தான்.

வடக்கே தொடங்கும் வழிகள் உலகத்திலேயே பதினைந்துதான். பதினாறு இருக்கிறதென்றால் ஒன்று இரட்டை. வ கி கி வ கி கி வ என்பது ஒன்பது வரி இடைவெளியில் இரண்டு முறை, இரண்டும் அழகான கையெழுத்தில். முப்பத்தைந்து வர வேண்டும் என்று எழுதும்போதே அவருக்குத் தெரியும். முப்பத்தைந்து வந்தது. பேனாவை மூடிவிட்டார்.

"சரி விடுங்க மாமா" என்றான் அவன் குரலைத் தாழ்த்தி. "இந்தப் புள்ளைக்கு ரெண்டு மார்க்கைத் திரும்பப் போட்டுடலாம். முப்பத்தாறு. பாஸ். யாருக்கும் தெரிய வேணாம். அக்காகிட்டகூட நான் வாயைத் திறக்க மாட்டேன்."

மதிப்பெண்ணைத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தது. அரைமார்க் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். கூடத்தில் பதினோரு மேசை. ஒவ்வொரு மேசையிலும் அவர் கையெழுத்துப் போட்ட தாள். எந்த மேசையில் எந்தப் பிள்ளையின் நல்ல வழி டிக் இல்லாமல் நிற்கிறதோ! வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் சீஃப். பிள்ளைகளை நினைத்தார் என்றும் சொல்லலாம். தன் கையெழுத்துக்கு மேல் ஒரு தப்பு நிற்பதை நினைத்தார் என்றும் சொல்லலாம். இரண்டில் எது அதிகம் என்று அவரே திருத்தி மார்க் போட்டால் ஒழிய நமக்குத் தெரியாது.

தேநீரைக் குடிக்காமலே உள்ளே போனார். முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தார்.

"சார், நான் குடுத்த லிஸ்ட்ல ஒரு தப்பு இருக்கு. அதை வெச்சு யாருக்காவது மார்க் வெட்டியிருந்தா தயவு செஞ்சு எடுங்க. சரி பண்ணிடலாம்."

"எந்த லிஸ்ட் சார்?"

"வழிகள் லிஸ்ட்."

"ஓ, அதுவா!" அந்த ஆசிரியர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார். அடியில் ஈர வட்டத்தோடு தாள் கிடந்தது. "எங்க சார் அதையெல்லாம் ஒப்பிட்டுக்கிட்டு? கடைசியில முப்பத்தஞ்சு இருக்கான்னு பாப்பேன். இருந்தா அஞ்சு."

அடுத்த மேசையில் தாளை இரண்டாக மடித்து, ஆடும் மேசைக்காலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒருவர் பின்பக்கத்தில் கூட்டல் போட்டிருந்தார். ஓர் ஆசிரியை மட்டும், "நான் பத்திரமா வெச்சிருக்கேன் சார்" என்று பையிலிருந்து எடுத்தார். "உங்க கையெழுத்து அழகா இருந்துச்சு. என் பையன்கிட்ட காட்டலாம்னு."

பதினொன்றாவது மேசைக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் சேதி அதிகாரி அம்மாளிடம் போய்விட்டது. அந்தத் தாளை வைத்து மதிப்பெண் இழந்த பிள்ளை கூடம் முழுவதிலும் ஒன்றே ஒன்று. அது அரைமார்க் கையில் மாட்டிய பிள்ளை.

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சார்" என்றார் அம்மாள். கோபம் இல்லை, ஆற்றாமைதான். "இப்ப பாருங்க, யாருமே லிஸ்ட்டைப் பாக்கலைன்னு எனக்கு அதிகாரபூர்வமாத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா நான் ஏதாவது பண்ணணும். என்ன பண்ண?"

கடைசியில் ஒன்றும் பண்ணவில்லை. முப்பத்தைந்து என்று இருந்தால் முழு மதிப்பெண் என்று கரும்பலகையில் எழுதச் சொன்னார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "சீஃபுன்னா வேலை முடியணும் சார். அடுத்த வருஷமும் உங்க மச்சானே இருக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"தம்பி போன் பண்ணான்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னானே?"

"'அக்கா, உன்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன்னு மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்'னான். அப்புறம் எல்லாத்தையும் சொன்னான்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் உள்ளே வந்து, மாடியில் காய்ந்த துணிகளை நாற்காலியில் போட்டு மடிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மடிப்புக்கும் அறை விழுவது போலச் சத்தம் கேட்டது.

"அண்ணிகிட்டயும் சித்திகிட்டயும் நான் இனி எந்த முகத்தோட பேசுவேன்? ஒருத்தரும் அந்தத் தாளைப் பாக்கவே இல்லையாமே. அப்புறம் எதுக்குங்க மேசை மேசையாப் போய்ச் சொன்னீங்க?"

கேள்வி நியாயமானதுதான். முழு மதிப்பெண் கொடுக்கக்கூடிய கேள்வி.

"யாரும் பாக்கலைங்கறது, மேசை மேசையாப் போய்க் கேட்டப்புறம்தானே தெரிஞ்சுது?"

அவள் முக்காலியில் ஏறினாள். மடித்த சட்டையை அவர் கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைத்தாள்.