பின்னாலிருந்து எடுத்த படம்

ஜெயங்கொண்டத்தில் நான் வேலை பார்க்கும் சுடிதார் கடைக்கு வந்த காலேஜ் பெண், ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "இது எந்தக் கம்பெனி அக்கா?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்ற யாரையோ பின்னாலிருந்து எடுத்திருந்தாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஏ-லைன் கட்டிங், பச்சையில் மாங்காய் பிரிண்ட், சைடு ஓபன் தொடங்கும் இடத்தில் சின்னச் சிவப்பு லேபிள். எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தபோதுதான் லேபிளுக்குக் கீழே கறுப்பு நூல் கண்ணில் பட்டது. பிரிந்த இடத்தில் அவசரத்துக்கு நானே போட்ட தையல்.

"கேக்காமலா எடுத்த?"

"மூஞ்சிதான் தெரியலையேக்கா. இதுல என்ன இருக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப நல்லாப் பாத்துக்க," என்றேன். "அந்த மூஞ்சி இதான்."