பெயர் சொல்லக் கூடாத வாடிக்கையாளர்

வேலையை விட்டு வெளியேறும் நாளில் மனிதவளப் பிரிவுப் பெண் என்னிடம் இரண்டு விஷயங்கள் சொன்னாள். மடிக்கணினியையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட வேண்டும். நான் சேரும்போது கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் வேலையோடு முடிந்துவிடாது, அதன் பிறகும் என்னைக் கட்டுப்படுத்தும். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள். நானும் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினேன்.

கல்லூரி முடித்ததிலிருந்து கோயம்புத்தூரில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில்தான் இருந்தேன். திருப்பூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்தேன். அத்தனை வருடமும் எனக்கு ஒரே வாடிக்கையாளர். அவர்கள் அந்த வேலையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியபோது எங்கள் குழு மொத்தமும் பெஞ்சுக்கு வந்தது. சம்பளம் உண்டு, வேலை இல்லை. சில மாதங்கள் கழித்து எங்களையே ராஜினாமா செய்யச் சொன்னார்கள்.

என் தற்குறிப்பில் அந்த வாடிக்கையாளரை எப்படி எழுதலாம் என்று நிறுவனமே ஒரு வாக்கியம் கொடுத்திருந்தது: 'ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு சில்லறை விற்பனை நிறுவனத்தின் சப்ளையர்களுக்கான இணையதளம்.' அதன் கீழே நான் செய்தவற்றை எழுதலாம். எந்த மொழியில் நிரல் எழுதினேன், எந்த மாதிரிப் பிரச்சினையைத் தீர்த்தேன் என்று சொல்லலாம். பெயர், எண்ணிக்கைகள், அவர்களுடைய விதிகள், அவர்கள் திரையின் படம் எதுவும் கூடாது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. என் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். என் வேலையைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன், பெயர் எதற்கு என்று நினைத்தேன்.

முதல் நேர்காணல் வீடியோவில் நடந்தது. பெங்களூரிலிருந்து ஒருவர் பேசினார். ஒரே சரக்கின் விவரம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை எப்படி அடையாளம் கண்டு ஒதுக்குவது என்று நான் வரைந்தே காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வாடிக்கையாளர் யார் என்றார். சொல்ல முடியாது என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை விவரங்கள் வரும் என்றார். அதையும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டம் அதிகமானால் எப்படிச் சமாளித்தோம் என்று விளக்கலாம் என்றேன்.

"ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டு வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "கான்ஃபிடென்ஷியல்னு சொல்லிட்டா மேல கேக்க முடியாது பாருங்க."

"என் பிஎஃப் கணக்குல எல்லா வருஷமும் இருக்கு சார். பாத்துக்கலாம்."

"கம்பெனில இருந்தீங்கன்னு தெரியும். இந்த ப்ராஜெக்ட்ல இருந்தீங்கன்னு எப்படித் தெரியும்?"

இப்போதே ஏதாவது எழுதச் சொல்லுங்கள், எழுதிக் காட்டுகிறேன் என்றேன். நேரமாகிவிட்டது, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார். தகவல் வரவில்லை. அடுத்த இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய இதுதான். பொய் சொல்பவர்கள் எந்த வார்த்தையின் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களோ அதே வார்த்தைதான் என்னிடமும் இருந்தது. என்னுடையது உண்மை என்று காட்ட வேண்டுமானால் நான் ஒப்பந்தத்தை மீற வேண்டும்.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அன்றிலிருந்து ஒரு பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"ஏட்டி, பேரச் சொன்னா நாக்கா அழுகிரும்?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்மா."

"புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னாவ எங்க காலத்துல. அதையே நான் ரேசன் கடையில சத்தம் போட்டுச் சொல்லுதேன். நீ முகம் தெரியாத கம்பெனிக்காரன் பேரச் சொல்ல மாட்டேங்க. தாலி கட்டினானா ஒனக்கு?"

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

பிறகுதான் திருப்பூரிலேயே ஒரு இடம் வந்தது. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன அலுவலகம், நூல் கடைக்கு மேல் மாடியில். உரிமையாளர் முன்பு மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெளிநாட்டு நிறுவனங்களின் ஆர்டரை வாங்கி, துணி முதல் கப்பல் வரை பின்னாலேயே ஓடுகிற வேலை அது. என் தற்குறிப்பை அவர் படித்த விதமே வேறாக இருந்தது. நிறுவனம் கொடுத்த அந்த வாக்கியத்தில் நின்றார்.

"உக்காருங்க கண்ணு. யூரோப், கடை, சப்ளையர் வெப்சைட்டு." கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கோயமுத்தூர்ல இருந்து இத எவனுக்குச் செஞ்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

ஒரு பெயரைச் சொன்னார்.

"சொல்ல முடியாதுங்க சார்," என்றேன்.

இன்னொரு பெயர். சொல்ல முடியாதுங்க சார். மூன்றாவது. சொல்ல முடியாதுங்க சார். அந்த நேரத்தில் நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். தவறான பெயருக்கு இல்லை என்று சொன்னால், சரியான பெயர் வரும்போது என் மௌனமே ஆமாம் என்று ஆகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ஒரே குரல். முகத்தைக்கூட அசைக்கவில்லை. நான்காவதாக ஒரு பெயரைச் சொன்னார். அதற்கும் அதே பதில்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்புடி ஒரு கம்பெனியே இல்லீங்க. நானா இட்டுக்கட்டுனது. அதுக்காவது இல்லீங்கன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஏனுங்க, போலீசுக்குப் போயிருக்கலாமே நீங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என்னை நம்பினார். நான் சொல்லாமல் இருந்ததையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். அந்த நாற்காலியில் எனக்கு உடம்பே லேசானது. நிரல் எழுதக் கொடுத்தார், எழுதினேன். அங்கிருந்த மூத்த நிரலாளர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். தேநீர் வந்தது.

"பேரு எனக்கு வேண்டாமுங்க," என்றார் உரிமையாளர், டம்ளரைக் கீழே வைத்து. "அவிய சப்ளையருக்கு மார்க் போடுறாங்கல்ல? எதுக்கு எத்தன மார்க்கு, எது கொறைஞ்சா ஆர்டர் நிக்கும், அது போதும். நம்ம சாப்ட்வேர்ல அதையே உள்ள வெச்சுட்டா, சரக்கு போறதுக்கு முந்தியே பார்ட்டிக்குத் தெரிஞ்சுரும், மார்க் ஏறுமா எறங்குமான்னு. இந்த ஊர்ல வாங்காத ஆளே இருக்க மாட்டான்."

நான் என் டம்ளரையும் கீழே வைத்தேன்.

"தப்புன்னு நெனைக்காதீங்க. ஆர்டர் ஏன் நின்னுச்சுன்னே தெரியாம யூனிட்ட மூடுனவன் எத்தன பேரு? நம்ம ஊருக்காரன் பொழைக்கோணுமுல்ல? திங்கக்கெழம வந்து சேந்துக்கலாம்."

மார்க் போடும் வேலை அந்தத் திட்டத்தில் இருந்ததா, அதில் என் பங்கு என்ன என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. அவருக்கு வேறொரு வழி சொன்னேன். உங்கள் வாடிக்கையாளர்களிடமே பழைய ஏற்றுமதி விவரம் இருக்கிறது. எது தாமதமானது, எது பரிசோதனையில் திரும்பியது, அதற்குப் பின் ஆர்டர் என்ன ஆனது என்று அவர்களிடமே வாங்கி, அதிலிருந்து ஒரு மதிப்பீட்டை நானே புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். யாருடைய விதியும் வேண்டாம்.

"அதுக்கு ரெண்டு வருசமாகுமுங்க. அதுவும் ஊகந்தான. எனக்கு ஊகம் வேண்டாம்." பிறகு மென்மையாக, "ஊட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

வீட்டில் யோசித்தேன். எந்த முடிவும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை. அந்த வாடிக்கையாளருக்கு நான் யாரென்றே தெரியாது. தினமும் காலையில் பேசிய கூட்டங்களில் என் பெயரின் பாதியைத்தான் அவர்கள் உச்சரித்தார்கள், அதுவும் தவறாக. வேலையை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய நாளில் ஒரு நன்றி மடல்கூட வரவில்லை. இந்தப் பக்கம், அம்மா நிற்கிற மேஜை போன்ற எத்தனையோ மேஜைகள். சொல்லிவிட்டால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?

ஆனால் அங்கே நான் பார்த்தது எதுவும் என்னுடையது அல்ல. என்னை நம்பித் திறந்து காட்டியது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதைப் படித்துச் சொல்லக்கூட எங்கள் வீட்டில் என்னைவிட்டால் ஆளில்லை என்ற பயமும் அதற்குள் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது அவள் இந்த முறை கேலி பேசவில்லை. "உள்ளூர் வேலைட்டி," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

திங்கட்கிழமை காலை அவருக்குப் போன் செய்து, அந்த மார்க் விவரத்தைக் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கெஞ்சுகிற குரல் எனக்கு வராது. அன்று வந்தது.

"உங்கள மாதிரி வாய் கெட்டியான புள்ள எனக்கும் வேணுமுங்க," என்றார் அவர். "ஆனா நீங்க இன்னும் அவியகிட்டத்தான் வேலையில இருக்கறீங்க. அவிய சம்பளம் குடுக்கறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். நல்லா இருங்க கண்ணு."

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இப்போது பெருமாநல்லூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். சரக்கு போகும் முன் எந்தப் பெட்டியில் எந்த அளவு, எத்தனை உருப்படி என்று, சரக்கை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் இணையதளங்களில் ஏற்றுவதுதான் வேலை. முன்பு என்ன செய்தாய் என்று மேலாளர் கேட்டபோது, கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தேன் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த பெண் வேண்டும் என்றுதான் தேடியிருந்தார்கள்.

பக்கத்து இருக்கையில் வெள்ளகோவிலிலிருந்து வருகிற அக்கா. நாங்கள் அப்படிப் பல நிறுவனங்களின் தளங்களைத் திறக்கிறோம். ஏதாவது ஒன்று அவர் ஏற்றியதைத் திருப்பித் தள்ளாத நாள் இல்லை.

"இந்தக் கருமத்த எவன் பண்ணுனான்னு தெரியலியே," என்பார். "அவனக் கூட்டியாந்து ஒரு நாள் இங்க உக்கார வெக்கோணும்."

எனக்கு வேலை அத்துப்படியாக இருப்பது அவருக்கு ஆச்சரியம். "எப்புடி உனக்கு மட்டும் திருப்பாம போகுது?" என்று கேட்பார். கவனமாகப் போட்டால் போகுங்க அக்கா என்பேன். எல்லாத் தளத்துக்கும் அதையேதான் சொல்வேன், அதே குரலில். பிறகு அவருடைய பெட்டி எண்களையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பிப்பேன்.