கைக்கு வராத வட்டி

பிரதேச செயலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கந்தோர் வேலை பார்த்தவன் நான். கரடியனாற்றிலிருந்தும் உன்னிச்சையிலிருந்தும் வரும் விவசாயிகளிடம் படிவத்தை நீட்டும்போதெல்லாம், "வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து வையுங்க" என்று ஒரு அதட்டுப் போடுவேன். அவர்களும் வாசிப்பதுபோல் கொஞ்ச நேரம் கடுதாசியைப் பிடித்திருப்பார்கள். சிலர் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். அதைச் சொல்லி வீட்டில் சிரித்த நாட்களும் உண்டு. அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு கடிதம் வந்தது.

இறைவரித் திணைக்களத்திலிருந்து பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரரிடம் கையொப்பமிடும்போது கூட எனக்கு ஏதோ பாராட்டுக் கடிதம் என்ற நினைப்பு. அந்த வருடம் வருமான வரி விவரத்திரட்டை யாருடைய உதவியுமில்லாமல் கணினியில் நானே நிரப்பி அனுப்பியிருந்தேன். கட்ட வேண்டிய வரி பூச்சியம். அந்தப் பூச்சியத்தை அச்செடுத்து மனிசியிடம் காட்டினேன் என்றால் என் பெருமையை அளந்துகொள்ளுங்கள்.

கடிதத்தில் பாராட்டு இல்லை. வங்கிகளிடமிருந்து கிடைத்த தகவலின்படி நான் பெற்ற வட்டிக்கும், விவரத்திரட்டில் காட்டிய வட்டிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதற்கு விளக்கம் தர வேண்டும் அல்லது விவரத்திரட்டைத் திருத்த வேண்டும் என்றிருந்தது. கீழே ஒரு கெடு. அதற்குக் கீழே, பொய்யான வெளிப்படுத்தல் பற்றி ஒரு வசனம். அந்த வசனத்தை மட்டும் நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. வாசிக்கும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது.

"என்னவாம்?" என்றாள் மனிசி.

"சும்மா ஒரு விளக்கம் கேக்கிறாங்க."

"சும்மா கேட்டதுக்கு ஏன் அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறிங்க?"

எனக்கு இரண்டு வங்கிகளில் நிலையான வைப்பு இருக்கிறது. ஒன்று ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடை. மாதாமாதம் வட்டி வரும், மீனுக்கும் மருந்துக்கும் போகும். மற்றது கரடியனாற்றில் எனக்குப் பங்காக வந்த வயல் வட்டையை விற்ற காசு. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் கெட்ட வருடத்தில் வங்கிகள் அள்ளிக் கொடுத்த வட்டிக்கு ஆசைப்பட்டு, முடிவில் மொத்தமாக வட்டி தரும் மூன்று வருட வைப்பில் போட்டேன். இரண்டு வங்கியிலும் பிறகு ஒரு படிவம் நீட்டினார்கள். என் வருட வருமானம் பதினெட்டு இலட்சத்துக்கு மேல் போகாது, ஆகவே வட்டியில் பத்து வீதம் முற்பண வரி வெட்ட வேண்டாம் என்று நானே உறுதி கூறும் பிரகடனம். "பென்சன்காரர் எல்லாரும் குடுக்கிறதுதான் ஐயா" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. வெட்டு இல்லை என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழவில்லை. இரண்டு இடத்திலும் கையெழுத்து வைத்தேன், வளைவு நெளிவெல்லாம் போட்டு.

அந்த வருடமே மூன்று வருட வைப்பு முடிந்தது. வங்கி வட்டியை முதலோடு சேர்த்து அப்படியே புதிதாக வைப்பிலிட்டது. ஒரு சதமும் என் கைக்கு வரவில்லை. கைக்கு வராத காசு எப்படி வருமானம்? ஆகவே நான் விவரத்திரட்டில் அதைப் போடவில்லை. இதுதான் என் சட்ட ஞானம்.

வவுணதீவிலிருக்கும் என் நண்பர், என்னோடு ஒரே நாளில் ஓய்வுபெற்றவர், கடிதத்தைக் கையில் வாங்காமல் தூரத்திலிருந்தே வாசித்தார், தொற்றுவியாதி மாதிரி.

"மச்சான், இது பொய்ப் பிரகடனம். பென்சனை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"உண்மையாவா?"

"உள்ளுக்குப் போனாலும் பயப்பிடாத. ஆசுபத்திரிச் சோத்தை விட அங்க சோறு நல்லமாம்."

அவர் பகிடிக்குச் சொன்னார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மனிசிக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்திருந்தோம். காசு போனால் போகட்டும், ஆனால் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவன் என்று ஓய்வூதியத்தில் கை வைத்தால் அவளை நான் எதைக் கொண்டு நடக்க வைப்பேன்? வாவிப் பாலத்தைக் கடந்து இரண்டு தரம் இறைவரி அலுவலக வாசல்வரை போனேன். இரண்டு தரமும் பிள்ளையார் கோயில் வாசலில் நிற்பவன்போல வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாம் தரம் மனிசி வந்தாள். ஓட்டோவிலிருந்து ஊன்றுகோலோடு இறங்கி, "நடவுங்க முன்னால" என்றாள். தப்ப வழியில்லை.

உள்ளே இருந்த அதிகாரிப் பெண்ணுக்கு என் மகளின் வயது இருக்கும். இரண்டு வங்கியின் வட்டிச் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்தாள்.

"ஐயா, மாதாமாதம் வந்த வட்டி, வருசத்துக்கு ஏழு இலட்சம் காட்டியிருக்கிங்க. முடிவில வந்த பதினாலு இலட்சம் எங்க?"

"அது கைக்கு வரல்ல பிள்ள. வங்கியே திருப்பிப் போட்டுட்டுது."

"உங்கட பேரிலதானே போட்டது? அப்ப உங்களுக்கு வந்தமாதிரித்தான். மூண்டு வருசத்து வட்டியெண்டாலும், கிடைச்ச வருசத்துக் கணக்குத்தான்."

"மறுகா என்ர பென்சன்?"

"அரசாங்கப் பென்சனுக்கு வரி இல்ல. அதை இதுக்குள்ள கூட்டவும் மாட்டம்."

"அதைக் கேக்கல்ல பிள்ள. நிப்பாட்டுவிங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது எங்கட வேலை இல்ல ஐயா. ஆர் சொன்னது?"

மனிசி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இருபத்தொரு இலட்சத்தில் பதினெட்டு இலட்சம் கழித்தால் மூன்று. அதற்கு ஆறு வீதம், பதினெட்டாயிரம் ரூபாய். கெடு தாண்டிய மாதங்களுக்கு வட்டி தனி. திருத்திய விவரத்திரட்டை அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். பாதிப் பயம் போய்விட்டது. மிச்சப் பாதியை அவளே எடுத்து மேசையில் வைத்தாள்.

"வரியைக் கட்டலாம் ஐயா. ஆனா பிரகடனம் பிழை. தண்டம் போடுறதா இல்லையா எண்டு மேல பாத்துத்தான் முடிவெடுப்பாங்க. தெரிஞ்சு செஞ்சிங்களா, தெரியாமலா எண்டு உங்கட கையால ஒரு கடிதம் எழுதித் தாங்க."

வெள்ளைத் தாளை நீட்டினாள். வாழ்க்கையில் ஆயிரம் கடிதம் எழுதியவனுக்குப் பேனை ஓடவில்லை. வயது, மறதி, கண் மங்கல், வங்கிப் பிள்ளையின் அவசரம் என்று மனதுக்குள் நாலு வரைபு போட்டேன். வங்கிப் பிள்ளையின் தலையில் பழியைப் போடும் வரைபு நன்றாகவே வந்தது. ஆனால் மனிசி பக்கத்துக் கதிரையில் முழங்காலைத் தடவியபடி என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் பொய்கள் கையெழுத்திலேயே தெரியும்.

கடைசியில் எழுதினேன்: 'இரண்டு படிவங்களையும் நான் வாசிக்காமல் கையொப்பமிட்டேன். முதலோடு சேர்த்த வட்டி வருமானமல்ல என்று நானாக நினைத்துக்கொண்டேன். எவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.' கீழே பெயருக்குப் பக்கத்தில் பழைய பதவியை எழுதப் போன கையை மடக்கிக்கொண்டேன்.

அதிகாரி வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திகதி முத்திரையைக் குத்திப் பிரதியைத் தந்தாள்.

"இனிப் பயமில்லையா பிள்ள?"

"சொல்ல ஏலாது ஐயா. தண்டம் எண்டா கடிதம் வரும். இந்த வருசத்துக்கும் குடுத்திருக்கிற பிரகடனத்தை ரெண்டு வங்கிக்கும் போய் வாபஸ் வாங்குங்க. அதையெண்டாலும் பிந்தாமச் செய்யுங்க."

அங்கிருந்தே இரண்டு வங்கிக்கும் போனோம். வரியையும் வட்டியையும் கட்டினேன். பிரகடனத்தை மீளப் பெறுவதற்கு முதல் வங்கியில் ஒரு கடுதாசி தந்தார்கள். அதை முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். பின்னால் நின்றவர் இரண்டு தரம் இருமினார். கவுண்டர்ப் பிள்ளை, "ஐயா, அது வெறும் வரி வெட்டச் சொல்லுற கடிதந்தான்" என்றாள். நான் இரண்டாம் தரம் வாசித்தேன்.

தண்டக் கடிதம் இன்னும் வரவில்லை. வராது என்றும் எவரும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை முடிந்து மனிசி இப்போது வளவுக்குள் மெல்ல நடக்கிறாள். படலையில் சைக்கிள் மணி கேட்டால் என்னை முந்திக்கொண்டு அவள்தான் போகிறாள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று, "என்ன, தபாலா?" என்று கேட்கிறேன்.

"இல்ல, மீன்காரன். வெளிய வாங்க" என்கிறாள்.