மூன்றாம் வாரத்துக்கும் ஒரு தோஸ்து

திருவொற்றியூரில் இறாலைத் தோலுரித்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் ஆள் சேர்க்கும் வேலை உமைமாவுக்கு. தண்டையார்பேட்டைக்காரி. யாராவது வேலையை விட்டு நின்றால் சொந்த வீட்டுப் பெண்ணே கோபித்துக்கொண்டு போனதுபோல அவள் முகம் வாடிவிடும். அந்தக் கம்பெனியில் அது மாதம் முழுக்க வாடித்தான் கிடந்தது.

அதற்காகத்தான் 'தோஸ்து' ஏற்பாட்டைக் கொண்டுவந்தாள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்திக்கும் பழைய ஆள் ஒருத்தி ஒரு வாரம் துணை இருப்பாள். உடை மாற்றுவது எங்கே, பூட்ஸைக் கழுவுவது எப்படி, எந்த சூப்பர்வைசரிடம் எப்போது வாயைத் திறக்கக்கூடாது, எல்லாம் சொல்லித் தருவாள். மேலாளர் குமாரவேல் ரொம்பப் பாராட்டினார். காசு செலவில்லாத எதையும் பாராட்டுகிற மனிதர் அவர். ஆனாலும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள், என்ன, ஒரு வாரம் கழித்துப் போனார்கள்.

அப்படி நான்காம் வாரத்தில் காணாமல் போனவள்தான் காசிமேட்டு வினிதா. படகில் விழுந்து முதுகு போன புருஷன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இந்தச் சம்பளம் இல்லையென்றால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை. அவளுடைய தோஸ்து அஜீசுன்னிசா அவளைவிடப் பத்து வயது இளையவள், கலகலப்புக்குப் பேர்போனவள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக 'சொந்தக் காரணம்' என்று எழுதி முடித்துவிடுவாள் உமைமா. இந்த முறை மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அஜீசுன்னிசாவைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனாள்.

வினிதா முகம் கொடுத்துப் பேசினாள், டீ கொடுத்தாள். வேலை பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். சூடான தம்ளரை முந்தானை சுற்றியே பிடித்திருந்தாள், ஆறிய பிறகும். அஜீசுன்னிசாதான் அதைக் கவனித்தாள்.

"கையக் காட்டுக்கா."

காட்டவில்லை. அஜீசுன்னிசாவே முந்தானையை மெல்ல விலக்கினாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து, சிவந்து, இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. ஐஸ் தண்ணீரும் இறால் சாறும் செய்கிற வேலை. இறாலின் தலைமுள் குத்தி ஓட்டையான கையுறைக்குள் தண்ணீர் புகுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் இப்படித்தான் ஆகும். கையில் புண் இருந்தால் இறால் உரிக்கும் மேசையில் நிற்க விடமாட்டார்கள் என்று யாரோ சொல்ல, துரத்துவதற்குள் வினிதா தானே வேலையை விட்டு நின்றுவிட்டாள். உண்மையில் புண் ஆறும்வரை அட்டைப்பெட்டி கட்டும் பக்கம் அனுப்புவார்கள், சம்பளம் குறையாது. உமைமா இதை முதல் நாளே சொல்லியிருந்தாள், வேறு நூறு விஷயங்களோடு சேர்த்து. புண்ணே இல்லாத கைக்கு அது எப்படி நினைவிருக்கும்?

"எனக்கும் இப்டித்தான் ஆச்சிக்கா," என்றாள் அஜீசுன்னிசா. "மறந்தே பூட்டேன்." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆறிவிட்டால் மறந்தும் போகும்.

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவள் கேட்டபோது வினிதா முந்தானையை மறுபடி விரல்களில் சுற்றிக்கொண்டாள்.

"கேக்கத்தான் வந்தேன், நிசா. உன் பக்கத்துல வேற ஒரு புதுப் பொண்ணு குந்திகினு இருந்துச்சு. நம்ம வாரம்தான் முடிஞ்சிபோச்சேன்னு திரும்பிட்டேன்."

அஜீசுன்னிசா அழுதுவிட்டாள். உமைமா அழவில்லை, ஆனால் அந்த ஒரு வாரத்தை வைத்தது அவள்தான். வீடு திரும்பும்வரை நெஞ்சில் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் பழைய ஆட்களைக் கேட்கவில்லை. சேர்ந்து சில மாதமே ஆனவர்களைக் கூப்பிட்டு, எது எப்போது கஷ்டமாக இருந்தது என்று விசாரித்தாள். மூன்றாம் வாரம் கை. ஷிஃப்ட் மாறியதும் தனிமை. முதல் சம்பளம் வந்ததும் பிடித்தம் புரியாத குழப்பம். எதுவுமே முதல் வாரத்தில் இல்லை. அதனால் தோஸ்து இனி மூன்று மாதம். அதுவரை அவளுக்கு இன்னொரு புது ஆள் கிடையாது, இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். புதியவள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தோஸ்துதான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அதுவும் 'எல்லாம் சரியா' என்று மொட்டையாக அல்ல, அந்தந்த வாரத்துக் கஷ்டத்தைப் பேர் சொல்லி. கேட்டது சூப்பர்வைசர் காதுக்குப் போகக்கூடாது. பேசுகிற நேரத்துக்காக இருவரும் அன்றைக்கு உரித்துக் கொடுக்க வேண்டிய இறால் எடையில் சலுகை வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் குமாரவேல் முகம் சுளித்தார். ஒவ்வொரு மாதமும் புது ஆள் எடுத்துப் பழக்குவதற்கு எவ்வளவு வீணாகிறது என்று உமைமா விடாமல் கேட்டதும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்.

வினிதா திரும்பி வந்தாள், பெட்டி கட்டும் பக்கத்துக்கு. முதல் நாள் டீ நேரத்தில் கேன்டீன் மேசைக்கு அஜீசுன்னிசா தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"விரலு எப்டி கீதுக்கா? எரியுதா?"

சூப்பர்வைசர் யாரும் பக்கத்தில் இல்லை, மேசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள். வினிதா கூச்சத்தோடு இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். அஜீசுன்னிசா ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

அந்த மேசையில் வினிதா சேர்ந்த அதே சமயத்தில் வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள். பிறகு இருவரும் மடியில் மறைத்து வைத்திருந்த கைகளை எடுத்து வினிதாவின் கைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.