பாட்டிலுக்குள் உறைந்தது

என் கணவரின் சிறுநீர் பால் போல இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குளியலறையில் அல்ல, வேலை செய்த இடத்தில். திண்டிவனத்தில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நான் டெக்னீஷியன். "ரெண்டு நாளா வெள்ளையா போவுது, என்னான்னு பாரு" என்று காலையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு அவர் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். மூடியைத் திறந்தேன். டீக்கடைக்கு ஊற்றும் பால் தோற்றது.

உப்புக் கலங்கலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டேன். உப்பென்றால் அதில் தெளிந்திருக்கும். தெளியவில்லை. அடுத்த குழாயில் ஈதரை ஊற்றிக் குலுக்கினேன். வெள்ளை மறைந்து அடியில் தெளிந்த நீர் நின்றது. ஈதரில் கரைந்தது என்றால் அது கொழுப்பு. எத்தனையோ பேருக்கு இதே சோதனையைச் செய்து தாளில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத் தாளில் எழுதாமல் குழாயோடு டாக்டரிடம் போனேன்.

எங்கள் டாக்டர் தாளில் ஒரு மனிதனை வரைந்து காட்டினார். யானைக்கால் கிருமி நிணநீர்க் குழாய்களை அடைத்துவிட்டது; பின்னால் தேங்கியது சிறுநீரகத்துக்குள் கசிகிறது. நாம் சாப்பிடும் எண்ணெய் குடலில் உடைந்து, மறுபடி சேர்ந்து, பொட்டலம் கட்டப்பட்டு அந்த நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போகும். அவருக்கு அது வெளியே ஒழுகுகிறது, கூடவே புரதமும் போகிறது. ஆள் இளைப்பது அதனால்தான். "எண்ணெயை நிறுத்துங்க. மல்லாட்டை ஒரு பருப்புகூட ஆகாது. அப்பவும் நிக்கலன்னா புதுச்சேரியில ஆபரேஷன்தான்" என்றார்.

என் கணவருக்கு வேலையே விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை வியாபாரத்தில். மூட்டைக்குள் கையை விட்டு, பருப்பை வாயில் போட்டுப் பார்த்துத்தான் தரம் சொல்வார். ஆபரேஷன் என்றதும், இனி ஒரு பருப்பும் வாயில் போடமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். அவருடைய அப்பா ஆபரேஷன் மேஜையிலேயே போனவர்.

எண்ணெயே இல்லாமல் உடம்பு தேறாது என்று டாக்டர் சென்னையிலிருந்து ஒரு பாட்டில் வரவழைத்தார். எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. வெளிநாட்டுச் சரக்கு, தண்ணீர் போல நிறம், வாசனையே கிடையாது. இதன் கொழுப்புச் சங்கிலிகள் சாதாரண எண்ணெயைவிடக் குட்டையானவை. பொட்டலம் கட்ட வேண்டியதில்லை. குடலிலிருந்து நேராக ரத்தத்தில் இறங்கி, கல்லீரலுக்குப் போய், அங்கேயே சீக்கிரம் எரிந்துவிடும். உடைந்த குழாய்ப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து மெல்லக் கூட்டச் சொன்னார், எடுத்த எடுப்பில் ஊற்றினால் வயிறு போகுமாம்.

வீட்டில் சமையல் என் மாமியார்தான். மருந்துக்கடைப் பாட்டிலைச் சமையலறையில் வைக்கவே தயங்கினார். "இது இன்னா எண்ணெயோ, எந்த மிருகத்துக்கொழுப்போ" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அட, தேங்காய் எண்ணெய்லருந்து எடுக்கறதுதான் அத்தை, பயப்படாதீங்க" என்றேன். டாக்டர் சொன்னதில் பாதி அது. மீதியைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டே வாரத்தில் சிறுநீர் தெளிந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான் அழுதுவிட்டேன். பிறகு ஒன்றரை மாதத்தில் மெல்ல மெல்லக் கலங்க ஆரம்பித்து, மறுபடி பழைய பால்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மண்டியில மேய்ஞ்சிட்டு வர்றீங்க, இல்ல?"

"சத்தியமா இல்லம்மே. ஒரு பருப்பு வாயில போடல. வேற ஆளைத்தான் துன்னு பாக்கச் சொல்றேன்."

"ஈதர் பொய் சொல்லாது. நீங்கதான் சொல்றீங்க."

தினமும் இதே பேச்சு. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். வாயை ஊதச் சொன்னேன், சிவப்புத் தோல் பல்லில் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடியில் நிற்க வைத்தேன். இதைச் செய்தவள் நானா என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் நாளுக்கு நாள் இளைத்தார். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார். டாக்டர் புதுச்சேரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மார்கழி. நல்ல குளிர். சமையலறை ஜன்னலோரம் இருந்த அந்தப் பாட்டிலை அவருடைய கஞ்சிக்காகச் சாய்த்தேன். எண்ணெய் விழவில்லை. குலுக்கினேன். அசையவில்லை. தூக்கிப் பார்த்தால் பாட்டில் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது.

எம்.சி.டி. இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. உறைவது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். மூக்கருகே வைத்தேன். கொப்பரை வாசனை, சந்தேகமே இல்லை. நாளெல்லாம் ஈதரில் கிடந்த என் மூக்கு இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

"அத்தை, இதுல என்ன ஊத்தினீங்க?"

அவர் ஒளிக்கவே இல்லை. "எண்ணெய் பாத்திரத்தை வழிச்சி காலி பண்ணா வூட்டுக்கு ஆவுமா? உப்பு, அரிசி, எண்ணெய் மூணும் தீரக் கூடாது. கொறய கொறய ஊத்திக்கினு வந்தேன். வளவனூர்ல என் தங்கச்சி வூட்டு கொப்பரை ஆட்டுனதும்மா, சுத்தமான எண்ணெய். நீதான சொன்ன, தேங்காயிலருந்து எடுக்கறதுன்னு?"

நான்தான் சொன்னேன். மாதத்துக்குள் தீர வேண்டிய பாட்டில் மார்கழி வரை தீராமல் இருந்ததே, சொட்டு சொட்டாக அளந்து பிழைக்கிறவள் அதையாவது கேட்டேனா?

பாட்டிலோடு டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தேங்காய் எண்ணெயில் குட்டைச் சங்கிலி கொஞ்சம்தான். அதை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வதுதான் எம்.சி.டி. மீதியில் பெரும்பங்கு பன்னிரண்டு கார்பன் அணு கொண்ட லாரிக் அமிலம். கணக்கில் அதையும் நடுத்தரம் என்று சேர்ப்பார்கள், ஆனால் உடம்பு அதில் பெரும்பகுதியைப் பொட்டலம் கட்டி நிணநீரில்தான் அனுப்பும். நீளச் சங்கிலிகளோ முழுக்க அந்த வழிதான். "ஓட்டை இருக்கிற குழாய்லயே ஊத்திக்கிட்டு இருந்திருக்கீங்க" என்றார். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, புதுப் பாட்டிலுக்குச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலேயே போய் நின்றேன். அவர் இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ திட்டத் திட்ட நான் வேற எல்லாத்தையும் வுட்டுட்டேன். வெள்ளையா போறது நிக்கணும்னு அந்த எண்ணெய்தான் ரெண்டு ஸ்பூன் சேத்து ஊத்திக்கினு இருந்தேன்" என்றார்.

நான் திட்டிய ஒவ்வொரு நாளும் அவர் இரண்டு ஸ்பூன் கூடுதலாகக் குடித்திருக்கிறார்.

"அப்ப நான் துன்னலன்னு இப்ப நம்புறியா?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை. நடுரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு, வா" என்று நடந்தார்.

புதுப் பாட்டிலை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாமியாரின் ஆறுதலுக்காக அந்தப் பழைய பாட்டில் ஜன்னலோரத்திலேயே நிறைந்து இருந்தது. மூன்றாவது வாரம் சிறுநீர் தெளிந்துவிட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. அந்தச் செய்தியை என்னுடன் வேலை பார்த்த பெண்தான் வந்து சொன்னாள். பஸ் ஸ்டாண்டில் பேசிய அந்த நாளுக்குப் பிறகு அவர் சிறுநீர்ப் பாட்டிலை என் கையில் கொடுப்பதில்லை. பஸ் ஏறும் முன் ஆஸ்பத்திரிக்கு வந்து, நான் உட்கார்ந்திருக்கும் மேஜையைத் தாண்டிப் போய், அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்.