பூட்டுக்கம்பியும் நாற்பது சாரனும்

ஸகியா எட்டு வருடம் குவைத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. அதைத் திறக்கும் நாளில் கல்முனைக்குடி மாடிவீட்டுத் தொகுதியின் இரண்டாம் மாடியில் நிற்க இடமிருக்கவில்லை. கம்பளி வரும், பால்மா வரும், சென்ட் போத்தல் வரும் என்று காத்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால், ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருந்த ஒரு நீளமான பலகைதான் முதலில் வெளியே வந்தது.

"இதென்னகா, அறுகம்பையில வெள்ளக்காரன் அலையில ஏறிப் போற பலகையா?" என்று கேட்டார் அவள் கணவர் ஆதம்பாவா. அவர் கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது. ஆனால் எதைக் கண்டாலும் அதைக் கடலில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அது துணி தேய்க்கும் அயன் மேசை. வேலை செய்த வீட்டு எஜமானி புதியதொன்று வாங்கியபோது, பழையதை ஸகியா கேட்டு வாங்கிக்கொண்டாள். கால்கள் மடங்கும், மேசை உயரும், இறங்கும். சிரித்தவர்கள் சிரித்து முடிய, ஒன்பது வருடமாக அந்தக் குடும்பம் அந்தப் பலகையில்தான் மிதந்தது. மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீட் ஹாஜியார் தன் கடைச் சாரன்களை அயன் பண்ண அவளிடம்தான் அனுப்புவார்.

ஹாஜியாரின் விருப்பம் சிறியது, ஆனால் வளையாதது. குழாய்போல மூட்டிய சாரனில் ஓரக்கோடு விழக்கூடாது. சாதாரண மேசையில் விரித்தால் சாரன் இரண்டு பட்டாகப் படுக்கும். இரு ஓரத்திலும் கத்தி போலக் கோடு விழுந்துவிடும். அயன் மேசையிலோ கூர்முனை வழியாகச் சாரனை உள்ளே நுழைத்து, மேசைக்கே உடுத்திவிட்டதுபோலச் சுற்றிச் சுற்றித் தேய்க்கலாம். ஊரில் ஆண்களை விட நன்றாகச் சாரன் உடுத்தத் தெரிந்தது தன் மேசைக்குத்தான் என்பது ஸகியாவின் கணிப்பு.

அந்த மேசைதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழாவது சாரனை உடுத்தியபடியே, கால்களைப் பரப்பிக்கொண்டு தரையில் விழுந்தது. அயன் குப்புறக் கிடந்தது. அவள் எட்டி எடுப்பதற்குள் நீலக்கட்டச் சாரனின் மேல்விளிம்பில் பழுப்பாக ஒரு முக்கோணம் பதிந்துவிட்டது.

அன்று வந்திருந்தவை நாற்பது சாரன்கள். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு அவற்றைக் கொழும்புக்கு ஏற்ற வேன் வரும். ஸகியா ஒளிக்கவில்லை. ஹாஜியாருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.

ஹாஜியார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "கருகினது ஒண்டு போகட்டும் தங்கச்சி. மத்ததெல்லாம் வியாழக்கிழம வேணும். ஏலாட்டி இப்பவே சொல்லுங்க. சாய்ந்தமருதில மிசின் வச்சிருக்கிற ஆக்கள் கேட்டுக்கிட்டே இரிக்காங்க. நான் இனி அங்கயே குடுத்திர்ரன்."

'இனி' என்ற சொல் அவள் காதில் தங்கிவிட்டது.

"ஏலும் ஹாஜியார்," என்றாள். எப்படி என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஆதம்பாவாவிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இருந்தது, நைலோன் கயிறு. இரண்டு கால்களும் பரவாதபடி கீழே இழுத்துக் கட்டிவிட்டுக் கையைத் தட்டினார். "தோணியையே கட்டி வச்ச முடிச்சி இது." மேசை நின்றது. ஸகியா அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கயிறு இழுபட, மேசை மிக மரியாதையாக, அங்குலம் அங்குலமாகக் குனிந்தது. மூன்றாவது சாரன் முடியும்போது அவளும் கூடவே குனிந்திருந்தாள்.

"முடிச்சி அவுழல்லதானே?" என்றார் அவர்.

"முடிச்சி நிக்கிது. மேசதான் படுக்கிது."

கயிற்றை அவிழ்த்து, மேசையைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, ஒன்பது வருடத்தில் முதன்முறையாக அதன் வயிற்றைப் பார்த்தாள். அடியில் இரு பக்கமும் வாள்போலப் பல்லு வெட்டிய தகடுகள். ஒரு சோடிக் காலின் உச்சி, பலகையோடு ஒரே இடத்தில் கோத்திருந்தது. மற்றச் சோடியின் உச்சியில் குறுக்கே ஒரு கம்பி. பலகை ஓரத்துப் பிடியை அமத்தினால் கம்பி பற்களை விட்டு விலகும், கால் வழுக்கும். பிடியை விட்டால் ஸ்பிரிங் கம்பியை இழுத்துப் பல்லுக்குள் போடும். அப்போதுதான் மேசை பூட்டுப்படும். கம்பியின் இரண்டு முனையும் இரண்டு தகட்டிலும் விழ வேண்டும். இங்கே வலதுமுனை குழிக்குள் இருந்தது. இடதுமுனை பல்லின் நுனியில், பஸ்ஸில் கால்வாசிச் சீட்டில் உட்கார்ந்த ஆள்போலத் தொற்றிக்கொண்டிருந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றிக் கம்பியை உருவி எடுத்து, தரை ஓட்டில் வைத்து உருட்டினாள். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். இது தத்தித் தத்தி உருண்டது. நடுவில் வளைந்திருந்தது.

ஏன் வளைந்தது என்று யோசித்தவள், சட்டென்று யோசிப்பதை நிறுத்தினாள். மடித்த மேசையை மூலைக்குத் தூக்கிப்போக வாகான பிடி என்று ஒன்பது வருடமாகத் தினமும் அவள் கை போட்டது அந்தக் கம்பியில்தான். இதை அவள் ஆதம்பாவாவுக்குச் சொல்லவில்லை.

துணியைச் சுற்றி, அம்மிக்கல்லில் வைத்து, வளைவு மேலே பார்க்கச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினாள். தட்டுவதும் உருட்டிப் பார்ப்பதுமாக லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை போனது. கடைசியில் கம்பி சத்தமில்லாமல் உருண்டது. திரும்பக் கோத்து, ஸ்பிரிங்கை மாட்டி மேசையை நிமிர்த்தியபோது 'டக்' என்று விழுந்தது. ஆறு சாரன் முடிந்தது. ஏழாவதில், அதே ஏழாவதில், மேசை மறுபடியும் தரைக்குப் போனது. இம்முறை அயன் அவள் கையில் இருந்தது.

"நான் சொன்னன்தானே, கயிறு..." என்று தொடங்கினார் ஆதம்பாவா.

"கயிறு எண்டு கதைச்சா அதால உங்களத்தான் கட்டுவன்."

அவள் மறுபடியும் கவிழ்த்தாள். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு றிவிட். அந்த ஆணித்தண்டில்தான் கத்தரிக்கோல்போலக் கால்கள் திரும்பும். இடதுபக்கத்தை அசைத்தாள். கிலுகிலுத்தது. தண்டு தேய்ந்து மெலிந்து, துளை முட்டைபோல நீண்டிருந்தது. அந்தப் பக்கக் கால் அரைவிரல் பின்னுக்குச் சாய, கம்பியும் கோணலாகும். கோணல் கம்பி எவ்வளவு நேராக இருந்தால்தான் என்ன?

புதன் காலை மேசை ஓட்டோவில் ஏறித் தம்பி முபீனின் வெல்டிங் கடைக்குப் போனது. முபீனின் கையில் நெருப்பு இருந்தால் உலகத்தில் ஒட்டாதது எதுவுமில்லை.

"ராத்தா, இதுக்கா இவ்வளவு பாடு? காலத் தொறந்து வச்சி ரெண்டு பொட்டு வெல்டிங். கியாமத்து நாள் வரைக்கும் நிக்கும்."

"நிண்டா நான் எங்கடா படுக்கிற? மேச நிக்கிற எடத்திலதான் என்ட பாய் விரிக்கிற. நிக்கவும் வேணும், மடங்கவும் வேணும்."

"ரெண்டும் கேக்கிறீங்களே!"

"மேசைக்கிட்டதானே கேக்கன். ஒங்கிட்ட கேட்டா கிடைக்காதெண்டு தெரியும்."

முபீன் சிரித்துக்கொண்டு பழைய றிவிட்டுகளின் தலையை அரைத்தெடுத்து, இரும்புக் குச்சியால் தட்டி வெளியே தள்ளினான். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் 'டக் டக்' என்று இரண்டு அலுமினிய றிவிட் அடித்தான். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. ஆனால் மேசையை விரிக்க அவன் ஒரு காலால் மிதித்து, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. இறுகிய கால் பாதிவழியில் நின்றுகொள்ள, பூட்டுக்கம்பி இரண்டு பல்லுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்தது.

"இப்ப அசையிதில்லதானே?" என்றான் பெருமையாக.

"அசையாம இரிக்கிறதாலதான்டா பூட்டுதில்ல! தானா வழுக்கி வந்து குழியில விழணும். அதோட துளை இன்னும் முட்டையாத்தான் இரிக்கி. இந்தப் பூஞ்ச ஆணி ஒரு மாசம் தாங்குமா?"

முபீனுக்கு முகம் சுருங்கியது. தொழிலில் கைவைத்தால் தம்பியும் பிறத்தியானும் ஒன்றுதான். "அப்ப இரும்பு றிவிட் போடலாம். ஆனா அடிச்சாத் தலை இறுகத்தான் செய்யும். லூசா அடிச்சா ஆடும். நடுவில ஒண்டுமில்ல ராத்தா."

ஸகியா கடை வாசலில் நின்று யோசித்தாள். வீட்டில் இருபத்துநான்கு சாரனும் ஒரு 'இனி'யும் காத்துக்கொண்டிருந்தன. அவன் சட்டையைப் பார்த்தாள். நெஞ்சில் ஒரு பொத்தானைக் காணவில்லை.

"டேய், தடிச்ச துணியில பொத்தான் தைக்கக்குள்ள என்ன செய்யிற?"

"பொத்தானா?"

"பொத்தானுக்குக் கீழ நெருப்புக்குச்சி ஒண்ட வச்சித்தான் நூல இறுக்கித் தைக்கிற. தைச்சி முடியக் குச்சிய உருவிர்ர. நூல் இறுக்கம்தான், ஆனா பொத்தான் பூட்ட இடமிரிக்கும். இதுக்குள்ளயும் ஒண்ட வச்சி அடி. பொறகு உருவு."

முபீன் அவளைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான். பதினெட்டு வருடம் இரும்போடு கிடந்தவனுக்கு ஒரு பொத்தான் பாடம் எடுப்பதை அவன் விரும்பவில்லை. ஆனால் கை தானாகவே ட்றில் மெசினை எடுத்தது.

அலுமினியத்தை எடுத்துவிட்டு, நீண்ட துளையை ஒருசுற்றுப் பெரிதாக்கி வட்டமாக்கினான். அந்த அளவுக்குச் சரியாக நுழையும் இரும்பு றிவிட் இரண்டு எடுத்தான். குழாய்க்கால்கள் குறுக்கிடும் இடத்தில் தட்டையாக நசுக்கப்பட்டிருந்ததால் அடிக்கும்போது ஒடுங்கும் பயமில்லை. கால்களுக்கு நடுவில் துளையுள்ள ஒரு வாசர் தகடு, வெளியே இன்னொரு வாசர். வாசருக்கும் காலுக்கும் இடையில் பழைய போன் ரீலோட் காட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டைச் செருகி, இரும்புக்கட்டியில் வைத்துப் பெரிய அடியாக இல்லாமல், சுற்றிச் சுற்றிச் சிறு அடியாகத் தலையைப் பரப்பினான். பின் குறட்டால் காட் துண்டைப் பிடித்து இழுத்தான். அது முனகிக்கொண்டே வெளியே வந்தது. கால் திரும்பியது, ஆனால் கிலுகிலுக்கவில்லை.

ஒரு சொட்டு எண்ணெய். விரித்தார்கள். கால் தானாகவே வழுக்கி வந்தது. கம்பியின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில், ஒரே சத்தமாக விழுந்தன.

ஸகியா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, முழுப் பாரத்தையும் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டினாள். நின்றது. பிடியை அமத்தினாள். மடங்கியது. ஐந்து தரம் விரித்து, ஐந்து தரம் மடித்தாள்.

"போதும் ராத்தா, திரும்பத் தேய்ஞ்சிரப் போகுது," என்றான் முபீன். "பொத்தானத் தைச்சித் தாங்க, அது போதும் கூலிக்கு."

"குச்சி வச்சா, வைக்காமலா?"

வியாழன் அஸருக்கு முன்பே வேன் வந்தது. ஹாஜியாரும் கூட வந்து, இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கியபடி சாரன்களை ஒவ்வொன்றாக விரித்து ஓரத்தைத் தடவினார். கோடில்லை. முப்பத்தொன்பதுக்குப் பிறகு அவர் கை நின்றது.

"சாய்ந்தமருதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று ஸகியா கேட்டாள்.

"என்னத்தச் சொல்லுற? மிசின் நல்லாத்தான் செய்யும். ஆனா இரவைக்கு மடிச்சி வைக்கேலா." அவர் சுவரோரம் நின்ற மேசையை ஒருமுறை பார்த்தார். "திங்கக்கிழம அறுபது அனுப்பிறன்."

நாற்பதாவது சாரன் அப்போது ஆதம்பாவாவின் இடுப்பில் இருந்தது. பழுப்பு முக்கோணம் மடிப்புக்குள் சொருகப்பட்டிருந்ததால், ஹாஜியார் அதன் கைத்தறியைப் பாராட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

அந்தச் சந்தோசத்தில் ஆதம்பாவாவுக்கு உதவி செய்யும் எண்ணம் வந்தது. மேசையை மடித்து, மூலைக்குத் தூக்கிப்போக வாகான பிடியைத் தேடி, பூட்டுக்கம்பியில் கை போட்டார்.

"கைய எடுங்க!" ஸகியாவின் குரல் கீழ்மாடிக்கும் கேட்டது. "அதில புடிக்கலாமா? அதில புடிச்சாக் கம்பி வளைஞ்சிரும் எண்டு ஒரு மனிசருக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படிகா தெரியும்?" என்றார் அவர், கையை உதறிக்கொண்டு. "நான் இதுவரைக்கும் இதத் தொட்டதே இல்லியே."

ஸகியா மேசையைப் பலகை ஓரத்தில் பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்தபடி மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.