தரையைத் தொடாத பலாசோ

"இன்னாம்மா இது, பார்க்கவே கேர்லெஸ்ஸா இருக்கு" என்றார் மேலாளர். அவர் கண் என் முகத்தில் இல்லை, காலில் இருந்தது. திருவாண்டார்கோயில் பக்கம் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில், வெளியிலிருந்து வருகிற வாடிக்கையாளர்களுக்கு இயந்திரக் கூடத்தைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. என்ன செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று அவர்களிடம் பேசும் பேச்சை நானேதான் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அடுத்த வாரம் ஒரு பெரிய வாடிக்கையாளர் வரப் போகிறார். ஷூவை மாற்றிக்கொண்டு "டீசென்டா" வராவிட்டால், அந்த வேலையை விற்பனைப் பிரிவில் இருக்கிற ஒரு பையனுக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஷூவை மாற்றி எதைப் போடுவது? கூடத்தின் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, முழுக்க மூடிய ஷூ இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது என்று. செருப்புப் போட்டால் உள்ளே போக முடியாது. ஷூ போட்டால் கேர்லெஸ். என் வேலைக்கு வேண்டியதைப் போட்டதற்கு என் வேலையே போகும் என்கிறார். அந்தப் பையனின் ஷூ முனை தேய்ந்து வாய் பிளந்திருந்தது. அதை அவர் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. கோபத்தில் எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த "சரி"க்காக என் மேலேயே இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

வில்லியனூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆள் சொன்ன விதம்தான் தப்பு, கண்ணில் பட்டது பொய்யில்லை. எனக்கு இன்னும் எரிச்சல் அதனால்தான். நான் போட்டிருந்த பலாசோ, அந்த அகலக் கால் பேண்ட், தரை வரை தொங்கியது. ஷூவின் மூக்கு மட்டும் அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. பின்பக்கத் துணி குதிகாலுக்கு அடியில் மாட்டி பஸ் ஸ்டாண்டுச் சேறு முழுவதையும் துடைத்திருந்தது. மேலே குர்தாவும் முழங்காலுக்குக் கீழே அகலமாக விழுந்தது. மேலேயும் தொளதொள, கீழேயும் தொளதொள, அடியில் ரோஸ் கலர் கோடு போட்ட தடித்த ஓட்டப்பந்தய ஷூ. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்தவள் மாதிரி இருந்தேன்.

அன்றைக்கே கோடு, கலர் எதுவும் இல்லாத, அடி மெல்லிசான வெள்ளை ஷூ ஒன்று வாங்கினேன். வெளியே தெரியாத குட்டைச் சாக்ஸும் வாங்கினேன். பெட்டியில் இருந்த குர்தாக்களில் முழங்காலோடு நிற்கிற, காலர் வைத்த நேர் குர்தாவை எடுத்தேன். கரும்பச்சை, அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. கீழே வெள்ளை ஷூ இருந்தால் மேலேயும் எங்கேயாவது வெள்ளை இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் ஷூ வழி தவறி வந்ததாகத் தெரியாது. மிச்சம் இருந்தது பலாசோ. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் தைக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கணுக்கால் வரைக்கும் வெட்டிடுங்கக்கா."

"வெட்டறதா? எறக்கித் தெச்சாத்தான் அழகு. காலு தெரிஞ்சா பத்தாம தெச்ச மாதிரி இருக்கும்மா."

"பத்தாமலே இருக்கட்டும். கணுக்கால் எலும்போட நிறுத்துங்க."

வேண்டாவெறுப்பாக அளவெடுத்தார். மறுநாள் வாங்கி வந்து ஷூவோடு போட்டுப் பார்த்தால், நடக்க நடக்கத் துணி ஷூவின் நாக்கில் மாட்டி மேலேயே நிற்கிறது. பின்னால் குதிகால் விளிம்பில் ஒரு கட்டி. நின்றால் சரியாக இருக்கிறது, நாலு அடி வைத்தால் அலங்கோலம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா வீட்டுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. மெஷினுக்குப் பொட்டு வைத்திருப்பார், அதற்கு மேலேயே சாமி படம். நாங்கள் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்றுதான் இத்தனை வருடமும் அளவு கொடுத்திருக்கிறோம். அக்கா அதற்கு மேல் ஹீல்ஸுக்கென்று கொஞ்சம் சேர்த்துத் தைப்பார். கொலுசு போட்ட காலுக்கும் ஹீல்ஸ் செருப்புக்கும் அது சரி. கணுக்காலைச் சுற்றி விளிம்பு கட்டி நிற்கிற ஷூவை அந்த வீட்டு டேப் பார்த்ததே இல்லை.

ஷூவைப் போட்டுக்கொண்டே போய் வாசலில் நின்றேன்.

"ஐயோ, ஷூவோட உள்ள வராத."

"நான் வரல. நீங்க வெளிய வாங்க."

"தெருவுல நின்னு அளவெடுக்கறதா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"இன்னா வேணா நெனைக்கட்டும்க்கா. என் வேலை போவுது."

வேலை என்றதும் டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். "நடந்து காட்டறேன், பாருங்க" என்றேன். எதிர் வீட்டுக்காரர் பைக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க, நான் தெருவில் இரண்டு முறை போய்த் திரும்பினேன். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே விரலை வைத்து, அதற்குக் கொஞ்சம் மேலே கோடு போடச் சொன்னேன். ஷூவுக்கும் துணிக்கும் நடுவில் துளி கால் தெரிய வேண்டும், துணி ஷூவைத் தொடவே கூடாது. அகலமாகத் தொங்கிய விளிம்பையும் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் கோடு போட்டார், கடைசி வரைக்கும் அவருக்கு அது பிடிக்கவில்லை.

வாடிக்கையாளர் வந்த அன்று இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். கூடத்துக்குள் தொங்கும் துணி ஆகாது என்பதால் துப்பட்டா இல்லை. ஷூவின் லேஸ் நுனியை உள்ளே செருகியிருந்தேன். மேலாளர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "இப்ப டீசென்டா இருக்கு பாரு. அதுக்குத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். இதுவும் அவர் சாதனையாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு விருந்தினர்களைக் கூடத்தின் கதவுக்கு அழைத்துப் போனேன்.

கதவருகே நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், தொங்கும் துணி கூடாது, மூடிய ஷூ இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே வரிசையாக எல்லார் காலையும் பார்த்தேன். கடைசியில் மேலாளர். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று புதிதாக வாங்கியிருந்த தோல் செருப்பு, பத்து விரலும் வெளியே.

"சார், நீங்க உள்ள வர முடியாது" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். விருந்தினர்கள் அவருடைய காலைப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. விருந்தினர்களுக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் ஷூவில் அன்று மிஞ்சியிருந்தது பெரிய அளவு மட்டும்தான். அதை மாட்டிக்கொண்டு டொக்கு டொக்கென்று எங்களுக்குப் பின்னால் வந்தார். நான் எழுதிய பேச்சை நானே பேசினேன், ஒரு வார்த்தை தடுமாறவில்லை. சுற்றி முடித்துத் திரும்பும்போது பார்த்தேன். அவருடைய பேண்ட் அந்தப் பெரிய ஷூவின் மேல் மடிந்து மடிந்து விழுந்து, பின்பக்கம் குதிகாலுக்கு அடியில் மாட்டியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.